சுழற்சிப் பாடங்கள் கடைசி வாரத்தில் மனத்தில் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழல் அறிவியல் தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் அம்புக்குறிகள் நிறைந்த பக்கங்களைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் எல்லாம் நைட்ரஜன் சுழற்சியையே எடுத்துக்கொண்டேன். மாணவர்களை அதிகம் கவிழ்ப்பது அதுதான். அது பிடிபட்டவருக்கு மற்றவை பெரிய பாடு இல்லை.

நைட்ரஜன் சுழற்சியை நான்கு முறை படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, புத்தகத்தை மூடினால் ஒன்றும் வரவில்லை. ஏன்?

படிக்கும்போது தெரிவது, பார்த்ததை அடையாளம் காண்பது மட்டுமே. தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்பது போன்ற நிலை. தேர்வு கேட்பது பெயரை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்த குழுதான் முந்தியது: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்த குழு 40, எழுதிப் பார்த்த குழு 61. நீங்கள் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கில். இன்று மாலை படித்து இன்று மாலையே சரிபார்த்தால் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் நல்ல வழி என்று தோன்றும். உங்கள் தேர்வோ அடுத்த வாரம் இருக்கிறது.

மன வரைபடம் போடச் சொன்னார்கள். வண்ணப் பேனாக்களால் அழகாகப் போட்டேன். அதுவும் நிற்கவில்லையே?

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டது, எவ்வளவு அழகாக இருந்தாலும், பெயர்த்தெழுதிய பாடம். கை வேலை செய்கிறது, நினைவு ஓய்வெடுக்கிறது. மாணவப் பருவத்தில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இப்படிச் செலவழித்திருக்கிறேன். தேர்வு அறையில், எந்தப் பெட்டிக்குப் பச்சை வண்ணம் கொடுத்தேன் என்பது துல்லியமாக நினைவில் இருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து அம்பு எந்தப் பக்கம் போனது என்பது மட்டும் வரவில்லை.

இதையும் சோதித்திருக்கிறார்கள். 2011-இல் கார்ப்பிக்கும் பிளன்டும் நடத்திய ஆய்வில், பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். கடைசித் தேர்வே வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அப்படித்தான். அதே இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பாடத்தை மூடிவிட்டு வரைந்தால், வரைபடமும் பத்தியாக எழுதுவதற்கு நிகராகவே உதவுகிறது. ஆகவே குறை வரைபடத்தில் இல்லை, திறந்திருந்த புத்தகத்தில்தான்.

இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு, இது சுழற்சிப் பாடங்களுக்கே உரியது. வழக்கமான மன வரைபடம் மரம் மாதிரி: நடுவில் தலைப்பு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை. கிளை நுனி எங்கும் திரும்பி வருவதில்லை. சுழற்சி என்றாலே திரும்பி வருவதுதான். நடுவில் 'நைட்ரஜன் சுழற்சி' என்று எழுதி, 'நிலைப்படுத்தல்', 'அம்மோனியாவாதல்', 'நைட்ரேட்டாதல்' என்று கிளைகள் இழுத்தால் சொற்பட்டியல் கிடைக்கும். எதற்குப் பின் எது, எது எதுவாக மாறுகிறது என்பது அதில் எங்கும் இருக்காது. மதிப்பெண்ணோ அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் சுழற்சிக்கு வரைபடத்தை எப்படிப் போடுவது?

பெட்டியில் பொருளை எழுதுங்கள். அம்பின் மேல் செயலை எழுதுங்கள். முறை முழுவதும் இந்த ஒரு வரிதான். 'நைட்ரேட்டாதல்' என்பது செயல், அது பெட்டிக்குள் போகக் கூடாது. பெட்டிக்குள் இருக்க வேண்டியது, நைட்ரஜன் அணு அந்த நேரத்தில் எந்த உருவில் இருக்கிறது என்பது.

நைட்ரஜனுக்கு ஏழு பெட்டிகள் போதும்: காற்றிலுள்ள N2, மண்ணிலுள்ள அம்மோனியம் NH4+, நைட்ரைட் NO2-, நைட்ரேட் NO3-, தாவரப் புரதம், விலங்குப் புரதம், இறந்த உடலும் கழிவும். காற்றை மேலேயும் மண்ணின் மூன்று உருவங்களைக் கீழே ஒரே வரிசையிலும் உயிர்களை இடப்பக்கமும் வையுங்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் இடம் மாறக் கூடாது. இடமும் நினைவுக்கு ஒரு கைப்பிடி.

இப்போது ஒரே ஒரு நைட்ரஜன் அணுவைப் பின்தொடர்ந்து போங்கள். காற்றில் அது இன்னோர் அணுவோடு மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்திருக்கிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனாக இருந்தும் தாவரங்களால் அதை நேராக எடுக்க முடியாததற்குக் காரணம் அந்தப் பிணைப்பே. அதை உடைக்கத் தெரிந்தவை சில நுண்ணுயிரிகள்: அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம், மண்ணில் தனித்து வாழும் அசோட்டோபாக்டர். N2-இலிருந்து அம்மோனியத்துக்கு முதல் அம்பு. மின்னலும் அந்தப் பிணைப்பை உடைக்கிறது; அப்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மழையோடு நைட்ரேட்டாக மண்ணுக்கு வருகின்றன. அது இரண்டாவது அம்பு, நேராக NO3- பெட்டிக்கு.

அம்மோனியத்தை நைட்ரோசோமோனாஸ் நைட்ரைட்டாக்குகிறது, நைட்ரைட்டை நைட்ரோபாக்டர் நைட்ரேட்டாக்குகிறது. இரண்டு அம்புகள், இரண்டின் மேலும் 'ஆக்சிஜன் வேண்டும்' என்று எழுத வேண்டும். நைட்ரேட்டை வேர் உறிஞ்சுகிறது, தாவரப் புரதம் ஆகிறது. தாவரத்தை விலங்கு உண்கிறது. தாவரம், விலங்கு இரண்டிலிருந்தும் இறந்த பொருளுக்கு ஓர் அம்பு ஒவ்வொன்று. இறந்த பொருளைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதை மீண்டும் அம்மோனியமாக்குகின்றன. கடைசி அம்பு நைட்ரேட்டிலிருந்து மேலே காற்றுக்கு: சூடோமோனாஸ், ஆக்சிஜன் இல்லாத இடத்தில். எண்ணிப் பாருங்கள், பத்து அம்புகள்.

ஒவ்வோர் அம்பும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எது எதுவாகிறது, யார் செய்கிறார்கள், எந்த நிலையில். பத்து அம்புக்கும் மூன்று பதிலும் தேவைப்படாது. விலங்கு உண்பதற்கு நிபந்தனை எழுத ஒன்றும் இல்லை. மண்ணில் நடக்கும் ஐந்து அம்புகளுக்கு மட்டும் மூன்றும் கட்டாயம். உங்கள் பாடநூலில் செயற்கை உரமோ, தாவரம் அம்மோனியத்தையே நேராக உறிஞ்சுவதோ இருந்தால் அதற்கும் ஓர் அம்பு சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாததை நீங்களாகச் சேர்க்க வேண்டாம், ஒரு வாரம்தான் இருக்கிறது.

இந்த முதல் வரைபடத்தைப் புத்தகத்தைப் பார்த்தே போடலாம். ஒரே ஒரு முறை. அதன் பிறகு அது விடைத்தாள். அதைப் படிக்கக் கூடாது, சரிபார்க்க மட்டும் எடுக்க வேண்டும்.

மூடிவைத்து வரைந்தால் பாதிதான் வருகிறது. வராத இடத்தில் என்ன செய்வது?

பாதி வருவது நல்ல தொடக்கம். நான் பாடம் சொல்லித்தந்த ஒரு மாணவி, தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது வெற்றுத் தாளில் வரைந்ததை அப்படியே சொல்கிறேன், எங்கே எப்படி ஓட்டை விழுகிறது என்பது தெரியும்.

ஏழு பெட்டிகளில் ஆறு வந்திருந்தன; நைட்ரைட் இல்லை. அம்புகள் ஏழு. N2-இலிருந்து நேராகத் தாவரப் புரதத்துக்கு ஓர் அம்பு போட்டு 'ரைசோபியம்' என்று எழுதியிருந்தார். அம்மோனியத்திலிருந்து நைட்ரேட்டுக்கு ஒரே அம்பு, மேலே 'நைட்ரோபாக்டர்'. காற்றுக்குத் திரும்பும் அம்பே இல்லை. எட்டு நிமிடம் ஆனதும், "இவ்வளவுதான் சார், முடிந்தது" என்றார்.

புத்தகத்தை எடுக்கவிடாமல் ஒரு வேலை கொடுத்தேன்: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அம்பாவது நுழைகிறதா, ஓர் அம்பாவது வெளியேறுகிறதா பாருங்கள். இது சுழற்சி; எங்கும் அடைத்துக்கொள்ளக் கூடாது. அவர் விரல் காற்றுப் பெட்டியில் நின்றது. வெளியே போகிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை. "அப்படியானால் காற்றிலுள்ள நைட்ரஜன் தீர்ந்துபோகாதா?" என்று தானே கேட்டுக்கொண்டார். அரை நிமிடம் கழித்து சூடோமோனாஸ் என்ற பெயர் வந்தது. அந்த அரை நிமிடத் தவிப்புதான் பயிற்சி. உடனே விடைத்தாளைப் புரட்டியிருந்தால் அதை இழந்திருப்பார்.

மற்ற இரண்டு பிழைகளும் அந்தச் சோதனையில் பிடிபடவில்லை, ஏனென்றால் அவை தவறான அம்புகள். விடுபட்ட அம்புகள் அல்ல. அவற்றுக்கு விடைத்தாள் தேவைப்பட்டது. நைட்ரைட் விடுபட்டதைச் சிவப்புப் பேனாவால் சேர்த்தார். ரைசோபியம் அம்பைப் பற்றி ஒரு சொல்: அது முழுத் தவறு என்று சொல்ல முடியாது. வேர்முடிச்சில் உண்டாகும் அம்மோனியா செடிக்கே போகிறது. ஆனால் N2 நேராகப் புரதமாகவில்லை, நடுவில் அம்மோனியா என்ற நிலை இருக்கிறது. அந்த நடுநிலையை விட்டால் நிலைப்படுத்தல் என்றால் என்ன என்ற கேள்விக்கே பதில் போய்விடும்.

சிவப்பில் திருத்திய பின், முழுப் படத்தையும் அன்றே மறுபடி வரையவில்லை. திருத்திய மூன்று அம்புகளை மட்டும், பத்து நிமிடம் வேறொன்று படித்துவிட்டு, தனித்தாளில் வரைந்தார். முழுப் படம் மறுநாள். அன்று ஒன்பது அம்புகள் வந்தன, மின்னலைத் தவிர. அடுத்த நாள் பத்தும் வந்தன, நான்கு நிமிடத்தில்.

நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் எப்போதும் மாறிப்போகிறது. நைட்ரைட், நைட்ரேட்டும் அப்படியே. குறுக்குவழி இருக்கிறதா?

பெயருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நம் நெடுங்கணக்கில் சகரம் முந்தி, பகரம் பிந்தி. நைட்ரோ'சோ'மோனாஸ் முதலில், நைட்ரோ'பா'க்டர் பிறகு. அவ்வளவுதான்.

நைட்ரைட், நைட்ரேட்டுக்குக் குறுக்குவழி வேண்டாம், காரணமே போதும். வாய்பாட்டைப் பாருங்கள்: NO2-, NO3-. அம்மோனியத்தில் ஆக்சிஜனே இல்லை. முதல் பாக்டீரியா ஆக்சிஜனைச் சேர்த்து இரண்டாக்குகிறது, அடுத்தது இன்னொன்றைச் சேர்த்து மூன்றாக்குகிறது. இரண்டுக்குப் பின் மூன்று. நைட்ரேட்டாதலுக்குக் காற்றோட்டமான மண் ஏன் வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

எதிர்த்திசையில் நடப்பதும் இதே காரணத்தால்தான் விளங்கும். காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரி சுவாசிக்க ஆக்சிஜன் தேடுகிறது, கிடைக்கவில்லை. நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைக் கழற்றிக்கொள்கிறது. எல்லாம் கழன்றபின் மிஞ்சுவது N2 வாயு, அது மேலே போய்விடுகிறது. சில புத்தகங்கள் இதை நைட்ரஜன் வெளியேற்றம் என்கின்றன, சில நைட்ரேட் வெளியேற்றம் என்கின்றன. உங்கள் புத்தகத்தில் உள்ள பெயரையே அம்பின் மேல் எழுதுங்கள்.

இதைப் புரிந்துகொண்டாரா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிலத்தில் பல நாள் தண்ணீர் தேங்கி நிற்கிறது, உங்கள் வரைபடத்தில் எந்த அம்பு மெலியும், எந்த அம்பு தடிக்கும்? நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் அம்புகள் மெலியும். சூடோமோனாஸ் அம்பு தடிக்கும். நைட்ரேட் பெட்டி இரு பக்கமும் அடிவாங்கிக் காலியாகும். இதைச் சொல்லத் தெரிந்தவர் பெயர்களை மாற்றி எழுதுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

யூட்ரோஃபிகேஷன் சுழற்சி இல்லையே, அதற்கும் இதே படமா?

இல்லை. அது சங்கிலி; ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. அதை வட்டமாக வரைந்தால் தவறு செய்வீர்கள். நேர்கோட்டில் பெட்டிகள், ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவில் 'அதனால்' என்று படிக்கும்படி ஓர் அம்பு.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீர்நிலையில் கலக்கின்றன. அதனால் பாசிகள் பெருகி நீரின் மேற்பரப்பை மூடுகின்றன. அதனால் அடியிலுள்ள தாவரங்களுக்கு ஒளி கிடைக்காமல் அவை இறக்கின்றன. பாசிகளும் காலம் முடிந்து இறக்கின்றன. அதனால் அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை சுவாசிப்பதால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. அதனால் மீன்கள் இறக்கின்றன.

இதில் விடுபடும் கண்ணி எது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: சிதைக்கும் பாக்டீரியா. 'பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் மீன் இறக்கிறது' என்று எழுதிய விடைகள் கட்டுக்கட்டாக வரும். பாசி ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர், பகலில் ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் அதுவும் சுவாசிக்கத்தான் செய்கிறது. ஆனால் புத்தகம் கேட்கும் பதில் சிதைவு.

அதனால் சங்கிலியை முன்னிருந்து பின்னாக மட்டும் சோதித்தால் போதாது. முன்னிருந்து போகும்போது நாக்கு பழக்கத்தில் ஓடிவிடும். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள்: மீன் ஏன் இறந்தது? ஆக்சிஜன் குறைந்ததால். ஏன் குறைந்தது? இங்கே 'பாசியால்' என்று வாய் தவறினால் ஓட்டை அங்கேதான். பிறகு நடுவிலிருந்து ஒரு பெட்டியைக் கையால் மூடிக்கொண்டு இரு பக்கத்தையும் பார்த்து அதைச் சொல்லுங்கள்.

எது வட்டம், எது சங்கிலி என்று சந்தேகம் வந்தால், தொடங்கிய பொருள் கடைசியில் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஓசோன் சிதைவு சங்கிலி போலத் தெரியும், ஆனால் இந்த இரண்டு வரியில் குளோரின் திரும்பி வந்துவிடுகிறது:

```
Cl + O3 → ClO + O2
ClO + O → Cl + O2
```

அது சின்ன வட்டம். ஒரே குளோரின் அணு பல ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க முடிவதும் அதனால்தான்.

கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், நீர் நான்கையும் படித்த பிறகு ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. பிரித்து வைப்பது எப்படி?

நான்கு படத்தையும் தனித்தனியாகச் சரியாக வரையும் நிலை வந்த பிறகே இதைத் தொடங்குங்கள். அதற்கு முன் ஒப்பிடத் தொடங்கினால் குழப்பம் கூடும்.

பிறகு நான்குக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். என் விருப்பமான கேள்வி: வளிமண்டலம் என்ற பெட்டியை அழித்துவிட்டால் எந்தப் படம் உடையாமல் நிற்கும்? பாஸ்பரஸ் மட்டும். அதற்கு வாயுநிலை என்று சொல்லத்தக்கது கிடையாது. பாறை கரைந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து உயிர்களுக்கு, அங்கிருந்து நீருக்கும் கடலடிப் படிவுக்கும், படிவு மறுபடி பாறையாக உயர்ந்து வர நெடுங்காலம். பெட்டிச் சோதனை செய்யும்போது மாணவர்கள் கடலடிப் படிவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. பாறையாக உயரும் அந்த மெதுவான அம்பைச் சேர்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி: பாக்டீரியாவை நீக்கினால் எது உடையும்? நைட்ரஜன் சுத்தமாக நின்றுவிடும். கார்பன் தடுமாறும், ஆனால் ஒளிச்சேர்க்கை, சுவாசம், எரிதல் என்ற அம்புகள் மிஞ்சும். நீர்ச் சுழற்சிக்கு ஒன்றும் ஆகாது. நீர்ச் சுழற்சியைப் பற்றி வேறு சொல்ல எதுவும் இல்லை, அதில் பொருள் மாறுவதே இல்லை, நிலைதான் மாறுகிறது.

ஏழு நாளில் எதை எப்போது வரைவது?

ஒரே படத்தை ஒரே நாளில் ஐந்து முறை வரையாதீர்கள். மூன்றாவது முறை வரும்போது அது நினைவிலிருந்து வருவதில்லை, சற்று முன் வரைந்த படத்தைக் கண் முன்னே பார்த்து எழுதுகிறீர்கள். 2008-இல் செப்பேடாவும் சக ஆய்வாளர்களும் நீண்ட இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் இரண்டு படிப்புக்கு நடுவே ஏறத்தாழ ஒரு நாள் விடுவது நல்ல பலன் தந்தது. நமக்கு அது கைக்கு அடக்கமான கணக்கு.

முதல் நாள் நைட்ரஜனும் கார்பனும்: விடைத்தாள் தயாரித்து, சில மணி நேரம் கழித்து முதல் வெற்றுத்தாள். இரண்டாம் நாள் காலையில் அந்த இரண்டும் வெற்றுத்தாளில். அதன் பிறகே பாஸ்பரஸ், யூட்ரோஃபிகேஷன் விடைத்தாள்கள். மூன்றாம் நாள் நான்கையும் வெற்றுத்தாளில், வரிசையை மாற்றி. நீர், ஓசோன் போன்ற சிறியவற்றை இந்த நாளில் சேர்க்கலாம். நான்காம் நாள் பிழை வந்தவற்றை மட்டும். ஐந்தாம் நாள் ஒப்பீட்டுக் கேள்விகள். ஆறாம் நாள் எல்லாம் ஒரு முறை, நேரம் வைத்து. ஒரு படத்துக்குத் தொடக்கத்தில் எட்டு நிமிடம், போகப் போக நான்கு. திருத்தவும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். திருத்தாத வரைபடம், பிழையையே பழக்கிவிடும்.

இரண்டு நாள் தொடர்ந்து பிழையின்றி வந்த படத்தை ஒரு நாள் விட்டுவிடலாம். எதை விடுவது என்று முடிவெடுக்கும்போது மட்டும் உங்கள் மனத்தைக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள்.

நானே வரைந்து நானே திருத்தினால், எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறேனே?

அது உண்மையான ஆபத்து. "இது தெரியும்தான், எழுத மறந்துவிட்டேன்" என்று அரை மதிப்பெண் கொடுக்கத் தோன்றும். தாளில் இல்லாதது தெரியாதது. அதில் பேரம் வேண்டாம்.

ஒரு சிறு வேலையைச் சேர்த்தால் திருத்தம் கூர்மையாகும். வரையும்போதே, திருத்துவதற்கு முன், ஒவ்வோர் அம்பின் பக்கத்திலும் உறுதியாகத் தெரிந்தால் ஒரு புள்ளி, ஊகமாக எழுதினால் ஒரு கேள்விக்குறி வையுங்கள். திருத்திய பின் நீங்கள் தேட வேண்டியது புள்ளி வைத்தும் தவறாகப் போன அம்புகளை. ஊகம் தவறினால் நட்டமில்லை, நீங்கள் எப்படியும் அதைப் படிக்கப் போகிறீர்கள். உறுதியாக நம்பிய தவறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது அப்படியே தேர்வுத்தாளுக்குப் போகும். ஆறுதலான செய்தி ஒன்று: உறுதியோடு செய்த தவறைச் சுட்டிக்காட்டியவுடன், அது ஊகத் தவறைவிட எளிதாகத் திருந்துகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் கண்டார்கள். திடுக்கிடுவதால் கவனம் அங்கே குவிகிறது போலும்.

தேர்வில் படம் கேட்கவில்லை, 'விவரி' என்று பத்தியாகக் கேட்டால் இந்த வரைபடம் எதற்கு உதவும்?

ஓர் அம்பு, ஒரு வாக்கியம். அம்பின் மேலுள்ள மூன்று பதிலையும் கோத்தால் வாக்கியம் தானே வரும். NH4+-இலிருந்து NO2-க்குப் போகும் அம்பு இப்படி ஆகும்: 'காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரோசோமோனாஸ் பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரைட்டாக மாற்றுகிறது.' மேலே போகும் அம்பு: 'நீர் தேங்கிய, ஆக்சிஜனற்ற மண்ணில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்குத் திருப்புகின்றன.' பத்து அம்புக்குப் பத்து வாக்கியம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதுமானதற்கும் மேல்.

வரிசைதான் சிக்கல், ஏனென்றால் வட்டத்துக்குத் தொடக்கம் இல்லை. எங்கிருந்தும் தொடங்கலாம், ஆனால் கேள்வியில் பெயர் வரும் பெட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. 'இறந்த உயிரினங்களிலுள்ள நைட்ரஜன் எவ்வாறு மீண்டும் தாவரங்களுக்குக் கிடைக்கிறது?' என்று கேட்டால் காற்றிலிருந்து தொடங்குபவர் பாதிப் பக்கத்தை வீணாக்குகிறார். இறந்த பொருள் பெட்டியில் விரலை வைத்து, அம்மோனியம், நைட்ரைட், நைட்ரேட், வேர் என்று நான்கு அம்பு நகர்ந்தால் விடை முடிந்தது. ஆறாம் நாள், கேள்வித்தாள் நேரத்தை வைத்து, இப்படி இரண்டு மூன்று பத்திகளை எழுதிப் பாருங்கள். படத்தில் சரியாக வந்து பத்தியில் மட்டும் விடுபடும் அம்புகள் பெரும்பாலும் நிபந்தனை எழுதாதவை என்பதைக் கவனிப்பீர்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு?

நைட்ரஜன் ஒரு முறை, வெற்றுத்தாளில், நான்கு நிமிடம். சிவப்பு மை படிந்த பழைய தாள்களில் உள்ள அம்புகள் ஒரு முறை. புதிய வரைபடம் எதுவும் தொடங்க வேண்டாம்; தேர்வு அறையில் வினாத்தாளைப் பெற்றவுடன் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுத அனுமதி இருந்தால், ஏழு பெட்டிகளை மட்டும் சின்னதாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.